வேற ஒண்ணும் சாப்பிடுறதில்ல

‘பக்கவிளைவு இல்லாதது’ என்ற வாசகத்தை எழுதாத நாட்டு மருந்துக் கடைப் பலகை இன்று குறைவு. யூடியூபில் பேசும் வைத்தியரும் அதையேதான் முதலில் சொல்கிறார். அதே தெருவில் பத்துக் கடை தள்டி உட்கார்ந்திருக்கும் ஆங்கில மருத்துவர் வேறொன்று சொல்கிறார்: “அந்த இலை தழையெல்லாம் தூக்கிப் போடுங்க, அப்புறம் எங்கிட்ட வாங்க.” இரண்டு பேரும் எதிரெதிர்க் கட்சி என்றுதான் தோன்றும். விளைவு என்னவோ ஒன்றுதான். முதலாமவரை நம்புகிறவர் தான் சாப்பிடும் பொடியை மருந்தாகவே நினைப்பதில்லை, அதனால் சொல்வதில்லை. இரண்டாமவரிடம் திட்டு வாங்கியவர் மருந்து என்று தெரிந்தே மறைக்கிறார். மெடிக்கல் ஷாப்பின் கவுண்டருக்குப் பின்னால் இருபத்தாறு வருடமாக நிற்கிற எனக்கு இரண்டு தரப்பிலிருந்தும் வந்து சேர்வது ஒரே பதில்தான்: “வேற ஒண்ணும் சாப்பிடுறதில்ல.”

இந்தப் பதிலோடுதான் என் சண்டை. நாட்டு மருந்தோடு எனக்குச் சண்டை இல்லை. அதை நிறுத்தச் சொல்லி நான் இதை எழுதவில்லை. எதைச் சாப்பிட்டாலும் மாத்திரை கொடுக்கிறவனிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள் என்கிறேன். அதற்கு முன், சொல்லத் தேவையில்லை என்பதற்கு நம்மவர்கள் வைத்திருக்கும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் காரணம், ‘இயற்கையானது ஒன்றும் செய்யாது’ என்பது. இதைச் சொல்கிறவர்கள் சித்த மருத்துவத்தைப் புகழ்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதற்கு இதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. நோயை மாற்றும் வலிமை ஒரு வேருக்கு இருக்கிறது என்றால், உடம்பில் ஏதோ ஒன்றை அது பிடித்து அசைக்கிறது என்று பொருள். அப்படி அசைப்பது எப்போதும் நமக்கு வேண்டிய பக்கமாகவே இருக்கும் என்று எந்தச் சித்தர் எழுதிக்கொடுத்தார்? சுக்குக்குப் புறத்தில் நஞ்சு, கடுக்காய்க்கு அகத்தில் நஞ்சு என்று சொல்லி, ஒன்றின் தோலையும் மற்றதன் கொட்டையையும் நீக்கச் சொன்னவர்கள் நம் பாட்டிகள்தானே? அவர்கள் யாரும் ‘பக்கவிளைவு இல்லாதது’ என்று பேசவில்லை.

அனுபானம் என்றொரு சொல் இருக்கிறது. மருந்தை எதோடு சேர்த்துச் சாப்பிடுவது என்பதைக் குறிக்கும். ஒரே சூரணத்தைத் தேனில் குழைத்தால் ஒரு நோய்க்கு, நெய்யில் என்றால் இன்னொன்றுக்கு, வெந்நீரில் என்றால் மற்றொன்றுக்கு என்று வைத்தியர்கள் பிரித்துக் கொடுத்தார்கள். கூடச் சேர்வது மாறினால் மருந்தின் வேலையும் மாறும் என்று தெரிந்துதான் அப்படிச் செய்தார்கள். பத்தியம் வைத்ததும் அதே அறிவால்தான். அப்படியென்றால், காலையில் அம்லோடிபின், மதியம் மெட்ஃபார்மின், இரவு ஒரு ஸ்பூன் சூரணம் என்று சாப்பிடுகிறவருக்கு அந்த மாத்திரைகளும் அனுபானம்தானே? எதோடு சேர்கிறது என்று கேட்காமல் சூரணம் கொடுக்கிறவர் சித்த மருத்துவத்தின் பாதியைக் கைவிட்டவர்.

இதை நவீன மருந்தியலும் தெரிந்துதான் வைத்திருக்கிறது. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்ற பொருள் சில மருந்துகளைக் குடலும் ஈரலும் சிதைக்கும் வேகத்தைக் குறைக்கிறது. அதனால் அதே மாத்திரை இரத்தத்தில் கூடுதலாகச் சேர்கிறது. ஜம்முவிலுள்ள அரசு ஆய்வகத்தின் ஆராய்ச்சியிலிருந்து 2009-இல் ஒரு காசநோய் மருந்தே வந்தது. ரிஃபாம்பிசின் வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுக்கப்படும் இடத்தில், 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்து 200 மில்லிகிராமே போதும் என்று வைத்தார்கள். அளவு பார்த்துச் சேர்த்ததால் அது மருந்து. வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிற ஒருவர், யாரிடமும் சொல்லாமல் தினம் இரண்டு வேளை திரிகடுகுப் பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டால் அதே இயல்பு வேறு முகம் காட்டும். நோயாளிகளிடமே செய்த ஆய்வில் பைப்பரினோடு ஃபெனிடாயின் அளவு கூடியிருக்கிறது. அந்த மாத்திரை சற்றுக் கூடினாலே நடை தள்ளாடும், பேச்சு குழறும், கண்மணி துடிக்கும். ரசத்தில் போடும் மிளகைப் பற்றி நான் பேசவில்லை. மருந்து அளவில் ஸ்பூன் கணக்கில் சாப்பிடுவதைச் சொல்கிறேன்.

இனி நான் நேரில் பார்த்த ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது அறுபத்தேழு. ஆறு வருடமாக எங்கள் கடையில்தான் பிரஷர் மாத்திரை வாங்குகிறார். அம்லோடிபின் 5 மில்லிகிராம், குளோர்தாலிடோன் 12.5 மில்லிகிராம். இரண்டாவது, சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கிற மாத்திரை. பிரஷர் 130/80 பக்கம் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது.

மார்கழியில் அவருக்குத் தொண்டைக் கரகரப்பு. உறவுக்காரர் ஒருவர் அதிமதுரப் பொடியைச் சொன்னார். தேனில் காலை ஒரு ஸ்பூன், இரவு ஒரு ஸ்பூன். தொண்டை சரியானது, கூடவே நெஞ்செரிச்சலும் அடங்கியது. நல்லதுதானே என்று அவர் நிறுத்தவில்லை. மாசிக்குள் பிரஷர் 160/100 ஆனது. மருத்துவர் அம்லோடிபினை 10 ஆக்கினார். இரண்டு வாரத்தில் கணுக்கால் வீங்கியது. அம்லோடிபின் அளவு கூடினால் கால் வீங்குவது சகஜம் என்பதால் மருத்துவர் அதைத்தான் நினைத்தார், அதில் தவறு சொல்ல முடியாது. வீக்கத்துக்கு ஃப்ரூசமைடு 40 மில்லிகிராம் எழுதினார். அதுவும் நீர் பிரியும் மாத்திரை. பத்து நாளில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. தாழ்ந்த நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. வயசுதான் காரணம் என்று எலும்பு மருத்துவரிடம் போனார். அவர் எழுதிய வலி மாத்திரைச் சீட்டோடு என் கவுண்டருக்கு வந்தார்.

இரண்டு மருத்துவர்களும் தங்கள் தங்கள் சீட்டைத்தான் பார்த்தார்கள். பத்து வாரத்தில் வந்த மூன்று சீட்டுகளும் சேர்ந்து இருந்த இடம் எங்கள் பில் கணினி மட்டும்தான். ஏறும் பிரஷர், வீங்கும் கால், தளரும் தசை என்று மூன்றையும் வரிசையாகப் பார்த்தபோது ஒரே நூலில் கோத்ததுபோல் இருந்தது.

“சார், வேற எதாவது சாப்பிடுறீங்களா?”

“வேற ஒண்ணும் சாப்பிடுறதில்ல தம்பி.”

இந்தக் கேள்வி உதவாது என்று அனுபவம் சொல்லியிருந்ததால் மாற்றிக் கேட்டேன். “தொண்டைக்கு, வயித்துக்கு, தூக்கத்துக்குன்னு வீட்டுல எதாவது பொடி, கஷாயம்?”

“அது அதிமதுரம். அது மருந்தா என்ன?”

“எவ்வளவு போடுறீங்க?”

“மாசம் ஒண்ணரை பொட்டலம் ஆகுது.”

பொட்டலம் 100 கிராம். மாதம் 150 கிராம் என்றால் நாளொன்றுக்கு 5 கிராம். நல்ல வேரில் நூற்றுக்கு நான்கு பங்காவது கிளைசிரைசின் இருக்கவேண்டும் என்பது ஐரோப்பிய மருந்துநூலின் தரம். அந்தக் கணக்கில் நாளுக்கு 200 மில்லிகிராம். வழக்கமாகச் சாப்பிடுகிறவர்கள் நாளுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டவேண்டாம் என்பது ஐரோப்பிய உணவு நிபுணர் குழுவின் அறிவுரை. அதுவும் ஆரோக்கியமான ஆட்களுக்குச் சொன்னது. நீர் மாத்திரை இரண்டு சாப்பிடுகிற அறுபத்தேழு வயதுக்காரருக்குச் சொன்னதல்ல.

வலி மாத்திரையை நான் கொடுக்கவில்லை. ‘தினம் 5 கிராம் அதிமதுரம், இரண்டரை மாதமாக, பொட்டாசியம் பார்க்கவும்’ என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, அன்றைக்கே அவருடைய பிரஷர் மருத்துவரிடம் அனுப்பினேன். பொட்டாசியம் 2.6 என்று வந்தது. 3.5-க்குக் கீழே இறங்கக்கூடாது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து, இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே பொட்டாசியம் ஏற்றினார்கள். அதிமதுரமும் ஃப்ரூசமைடும் நின்றன. மூன்று வாரம் கழித்து பிரஷர் பழைய இடத்துக்கு வந்தது, மாத்திரையும் பழைய அளவுக்கு வந்தது. எலும்பு மருத்துவரிடம் அவர் திரும்பப் போகவில்லை, போகவேண்டிய தேவை இருக்கவில்லை.

உள்ளே நடந்தது இதுதான். உப்பைப் பிடித்து வைத்துக்கொள், பொட்டாசியத்தை வெளியே விடு என்று சிறுநீரகத்துக்குச் சொல்வது ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். நம் உடம்பில் அதைவிடப் பல மடங்கு அதிகமாக ஓடுகிற கார்ட்டிசால் என்ற ஹார்மோனாலும் அதே கட்டளையைப் போட முடியும். அப்படிப் போடாமல் இருக்க, கார்ட்டிசாலை அங்கேயே செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி சிறுநீரகத்தில் காவலுக்கு நிற்கிறது. அதிமதுரம் அந்தக் காவலைத் தூங்கவைத்துவிடுகிறது. மடைக்காவல் இல்லாத ஏரிபோல, கார்ட்டிசால் தன் இஷ்டத்துக்குக் கட்டளை போடுகிறது. உப்பும் நீரும் தங்கி பிரஷர் ஏறுகிறது, கால் வீங்குகிறது. பொட்டாசியம் வெளியேறித் தசை தளர்கிறது. நீர் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றுகிற வகைதான். ஒரே மடையை இரண்டு பக்கமும் திறந்துவிட்டாயிற்று. இவரே இதயத்துக்கு டிகாக்ஸின் சாப்பிடுகிறவராகவும் இருந்திருந்தால், பொட்டாசியம் இறங்கிய நிலையில் அந்த மாத்திரை நஞ்சாகியிருக்கும்.

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமல்ல. 1940-களில் ரெவர்ஸ் என்ற டச்சு மருத்துவர் அதிமதுரச் சாற்றை வயிற்றுப்புண்ணுக்குக் கொடுத்துப் பார்த்தார். புண் ஆறியது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு உடம்பு வீங்கவும் செய்தது. நம் வைத்தியர்கள் வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரம் கொடுத்தது வெறும் நம்பிக்கை அல்ல என்பதற்கு இது சான்று. அந்த வேர் சாதுவும் அல்ல என்பதற்கும் இதுவே சான்று. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது.

தொண்டை கட்டினால் மூன்று நாள் ஒரு துண்டு வேரைச் சுவைப்பவர் இதைப் படித்துப் பயப்படவேண்டாம். எல்லோருக்கும் ஒரே அளவில் பாதிப்பு வருவதும் இல்லை. வயதானவர்கள், பிரஷர் உள்ளவர்கள், நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மலச்சிக்கல் உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் சீக்கிரம் வரும். சிக்கல் அதிமதுரத்தில் இல்லை. அளவும் நாளும் கூட்டணியும் யாருக்கும் தெரியாமல் போவதில் இருக்கிறது.

இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். “ஒரு மணி நேரம் இடைவெளி விட்டுத்தான் சாப்பிடுறேன், ஒண்ணும் ஆகாது.” நாட்டு மருந்துக் கடையிலும் சில மருத்துவர்களிடமும் சர்வரோக நிவாரணிபோல் கிடைக்கிற அறிவுரை இது. வயிற்றில் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் சிக்கலுக்கு மட்டும்தான் இடைவெளி பயன்படும். சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம் எல்லாம் சுண்ணாம்புச்சத்து. அயச்செந்தூரம் இரும்பு. தைராய்டு மாத்திரையோடு இவை வயிற்றில் சந்தித்தால் மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தத்துக்குப் போகவிடாது. அங்கே இடைவெளி உதவும், ஆனால் ஒரு மணி நேரம் போதாது, நான்கு மணி நேரம் வேண்டும். அதிமதுரம் வேலை செய்வது வயிற்றில் அல்ல, சிறுநீரகத்தில். நிறுத்திய பிறகும் ஒன்றிரண்டு வாரம் அதன் வேலை நீடிக்கலாம். அதற்கு எத்தனை மணி இடைவெளி விட்டு என்ன பயன்? எந்த மருந்துக்கு இடைவெளி போதும், எதற்குப் போதாது என்பதைச் சாப்பிடுகிறவர் ஊகிக்க முடியாது. ஊகிக்கவும் வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

யாரிடம் கேட்பது? மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நீங்கள் பிரஷருக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர் என்று பார்க்கிறீர்கள். அத்தனை சீட்டும் வந்து விழுவது ஒரே மருந்துக் கடையில். மாதாமாதம் உங்களைப் பார்க்கிறவர் பார்மசிஸ்ட். இன்னொன்றும் உண்டு, பலருக்கு இது தெரியாது. டி.பார்ம் படிப்பில் மூலிகை மருந்தியல் ஒரு பாடம். அதிமதுர வேரின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்து, படம் வரைந்து, பாகம் குறித்துத்தான் நாங்கள் தேறினோம். எம்.பி.பி.எஸ். படிப்பில் அப்படி ஒரு பாடம் கிடையாது. மருத்துவருக்கு இலை தழையாகத் தெரிவது எங்களுக்கு வேதிப்பொருளாகத் தெரியும், தெரிந்திருக்க வேண்டும்.

“நீங்க சொல்றது சரி, கடையில பார்மசிஸ்ட் எங்க இருக்காரு?” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. பல கடைகளில் சுவரில் சான்றிதழ் தொங்குகிறது, சான்றிதழுக்கு உரியவர் இல்லை. அவர் மாத வாடகைக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வேறெங்கோ இருக்கிறார். கவுண்டரில் நிற்கும் பையனுக்கு மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியும், அது உடம்பில் எங்கே போகிறது என்று தெரியாது. 1948-ஆம் வருட மருந்தாளுநர் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, பதிவுபெற்ற பார்மசிஸ்ட் அல்லாதவர் மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்கக்கூடாது என்கிறது. 2015-இல் வந்த மருந்தக நடைமுறை விதிகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை எங்கள் கடமையாகவே எழுதிவைத்திருக்கின்றன. சட்டத்துக்குக் குறைவில்லை. நோயாளியிடம் பேச நேரம் ஒதுக்கினால் வியாபாரம் குறையும் என்று நினைக்கும் முதலாளிகளும், சான்றிதழை வாடகைக்கு விட்ட என் சகாக்களும் சேர்ந்து இந்தத் தொழிலைப் பெட்டிக்கடையாக்கி வைத்திருக்கிறார்கள். மக்கள் எங்களிடம் எதையும் சொல்வதில்லை என்று குறைப்படுகிற உரிமை எங்களில் பாதிப்பேருக்குக் கிடையாது.

அதனால்தான் நீங்கள் கேட்கவேண்டும் என்கிறேன். கடையில் நுழைந்து, “இங்க பார்மசிஸ்ட் யாருங்க?” என்று கேளுங்கள். ஒருவரும் முன்னால் வரவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள். பத்துப்பேர் இப்படித் திரும்பிப் போனால் பதினொன்றாவது ஆள் வரும்போது அங்கே பார்மசிஸ்ட் இருப்பார்.

இருந்தால், அவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: என்ன பொடி, எவ்வளவு, எத்தனை நாளாக. ஸ்பூன் கணக்கு சொல்லத் தெரியாவிட்டால், பொட்டலம் எத்தனை நாள் வருகிறது என்று சொன்னால் போதும், மற்றதை அவர் கணக்குப் போட்டுக்கொள்வார். கம்பெனி சூரணமோ லேகியமோ என்றால் டப்பாவையே கொண்டுபோங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளின் லேபிளில் சேர்மானப் பட்டியல் இருக்கவேண்டும் என்பது விதி. இருமல் மருந்து, வயிற்றுச் சூரணம் என்று அதிமதுரம் எத்தனை டப்பாக்களுக்குள் வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். பட்டியலே இல்லாத, பேப்பரில் மடித்துக் கொடுத்த பொட்டலம் என்றால், கொடுத்தவரிடம் போய் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். தன் மருந்தில் நம்பிக்கை உள்ள வைத்தியர் சொல்வார். ரகசியம் என்று மழுப்புகிறவருடைய மருந்தை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள்.

மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. தயவுசெய்து திட்டாதீர்கள். நீங்கள் திட்டியதால் யாரும் கஷாயத்தை நிறுத்தியதாக நான் பார்த்ததில்லை, உங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஆசிரியரின் பிரஷர் ஏறியபோது “வேற என்ன சாப்பிடுறீங்க” என்பதற்குப் பதிலாக “தொண்டைக்கு என்ன போடுறீங்க” என்று யாராவது கேட்டிருந்தால், இரண்டு மாத்திரையும் இரண்டு நாள் ஆஸ்பத்திரியும் மிச்சமாகியிருக்கும்.